பாதியில் நின்ற ஓவியம்: நீர்வண்ணப் போட்டி அறிவிப்பும் விதிமுறைகளும்

நீர்வண்ணத்தில் வரையத் தொடங்கி, வானம் சேறாகக் கலங்கியதாலோ, காய்வதற்குள் ஒரு சொட்டு நீர் விழுந்து நிறம் பூப்போல விரிந்துவிட்டதாலோ நீங்கள் மூடி வைத்த தாள் ஒன்று வீட்டில் இருக்கும். இந்த இன்ஸ்டாகிராம் போட்டிக்கு அந்தத் தாள்தான் வேண்டும். நன்றாக வந்த ஓவியத்தைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

தாளின் படத்தை உங்கள் கணக்கில் பதிவிட்டு, எங்கள் பக்கத்தைக் குறிப்பிட்டு, எந்த இடத்தில், எதனால் கைவிட்டீர்கள் என்று மூன்று வரிகளுக்குக் குறையாமல் எழுதுங்கள். "சரியாக வரவில்லை" என்பது போதாது. "முதல் பூச்சு காயும் முன்பே மரத்தை வரைந்தேன், பச்சை வானத்துக்குள் ஓடிவிட்டது" என்ற அளவுக்குத் தெளிவு வேண்டும். கணக்கு பொதுப்பார்வைக்குத் திறந்திராவிட்டால் உங்கள் பதிவு எங்களுக்குத் தெரியாது.

பரிசு ஒருவருக்கே: முழுப் பருத்தியாலான, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள்களைக் கொண்ட வரைபுத்தகம், 12 நிற வண்ணப்பெட்டி, எங்களுடன் ஒரு மணி நேரக் காணொளி உரையாடல். வரையாதவருக்கு இவற்றால் பயனில்லை என்பதை அறிந்தே தேர்ந்தெடுத்தோம். ஆகவே பரிசுக்கு ஈடாகப் பணம் தரப்படாது. அதைப் பிறர் பெயருக்கு மாற்றவும் இயலாது.

குலுக்கல் கிடையாது. கைவிட்ட காரணத்தை எவ்வளவு கூர்மையாகக் கண்டறிந்திருக்கிறீர்கள் என்பதை வைத்து எங்கள் குழுவின் மூவர் தேர்ந்தெடுப்பார்கள். விருப்பக்குறிகளும் பின்தொடர்வோர் எண்ணிக்கையும் கணக்கில் வராது. நண்பர்களைக் குறிப்பிட வேண்டிய கட்டாயமில்லை, குறிப்பிட்டாலும் கூடுதல் வாய்ப்பில்லை. உடன் வரையும் தோழி ஒருவர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். அறிமுகமில்லாதவர்களை வரிசையாகக் குறிப்பிடும் பதிவுகள் போட்டியிலிருந்து நீக்கப்படும். பின்தொடர்வதும் நிபந்தனையல்ல. ஆனால் வந்த ஓவியங்களில் பத்தை எடுத்து, வென்றாலும் வெல்லாவிட்டாலும், அவற்றை எப்படி மீட்கலாம் என்பதைப் போட்டி முடிந்தபின் பத்து ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து காட்டப்போகிறோம். அவற்றைத் தவறவிட விரும்பாதவர்கள் பின்தொடரலாம்.

போட்டி மார்ச் 10 அன்று தொடங்கி, 20ஆம் தேதி நாங்கள் நிறைவுப் பதிவை வெளியிடும் கணத்தில் முடியும். உங்கள் ஊரில் அப்போது மணி எதுவாயினும் அதுவே கடைசி. 18 வயது நிறைந்த எவரும், எந்த நாட்டிலிருந்தும், ஒருவருக்கு ஒரு பதிவு என்ற கணக்கில் பங்கேற்கலாம். எங்கள் குழுவினரும் அவர்கள் குடும்பத்தாரும் பங்கேற்க முடியாது. படத்தின் உரிமை உங்களுடையதே. அந்தப் பத்து விளக்கப் பதிவுகளில் உங்கள் பெயரோடு காட்ட மட்டும் அனுமதி தருகிறீர்கள்.

முடிவு மார்ச் 27 அன்று எங்கள் பக்கத்தில் வெளியாகும். வென்றவர் ஏழு நாட்களுக்குள் பதிலளிக்காவிட்டால் பரிசு அடுத்தவருக்குச் செல்லும். அனுப்பும் செலவும் சுங்க வரியும் எங்களுடையவை. போட்டி நடக்கும்போது எங்கள் பெயரையும் படத்தையும் நகலெடுத்த போலிக் கணக்குகள் முளைப்பது வழக்கம். ஆகவே வங்கி விவரமோ, அட்டை எண்ணோ, கட்டணமோ கேட்டு வரும் செய்தி எங்களுடையதல்ல என்று உறுதியாகக் கொள்ளுங்கள்.

இப்போட்டியை இன்ஸ்டாகிராம் நடத்தவோ, ஆதரிக்கவோ, நிர்வகிக்கவோ இல்லை. பங்கேற்பவர்கள் இதன் தொடர்பான அனைத்துப் பொறுப்பிலிருந்தும் அந்நிறுவனத்தை விடுவிக்கிறார்கள்.