மிடில் பர்த்

ஒரு படத்தைப் பார்க்காமலே அதன் கிளைமாக்ஸை மட்டும் பாதி ராத்திரி வரை கேட்க வேண்டுமானால், ரயிலில் மிடில் பர்த் கிடைக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது.

லோயரில் 60 வயதைத் தாண்டிய ஓர் அம்மா. அப்பரில் ஒரு பையன், 25 இருக்கலாம். பர்த்தைத் தூக்கி மாட்டுவதற்கு முன்னால் மூவரும் கீழேதான் உட்கார்ந்திருந்தோம். பையன் ஹெட்போனில் சார்ஜ் இல்லாததால், போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்து சத்தத்தைக் குறைத்து ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் காலிங்பெல் அடிப்பது போல ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. அவன் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அவ்வளவுதான் தம்பி" என்றார் அந்த அம்மா. "எவ்வளவு நேரம் பார்த்தாலும் கதவு திறக்காது."

அவன் நிமிர்ந்தான். "நீங்க பார்த்துட்டீங்களாம்மா?"

"தியேட்டர்லயே பார்த்தேன். காசு கொடுத்து."

அந்தக் 'காசு கொடுத்து'வில் இருந்த கோபத்தைக் கேட்டதுமே நான் படுத்திருக்க வேண்டும். கதையை என்னவென்று கேட்டுத் தொலைத்தேன்.

பையன்தான் சொன்னான். கைக்கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் ஒருவர். வீட்டு முன்னறையே கடை. மகள் 20 வருஷத்துக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். அவர் தேடவும் இல்லை, யாரிடமும் பேசவும் இல்லை. படத்தில் மூன்று முறை வாசல் மணி அடிக்கிறது. மூன்று முறையும் அவர் குனிந்த தலையை நிமிர்த்தாமல் வேலையைப் பார்க்கிறார், கடைப்பையன்தான் போய்த் திறக்கிறான். கடைசிக் காட்சியில் கடைப்பையன் லீவு. மணி அடிக்கிறது. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறார். திரை இருண்டுவிடுகிறது.

"யாரு வந்தது?" என்றேன்.

"அதைத்தான் நானும் கேட்கிறேன்" என்றார் அந்த அம்மா.

"யார் வந்தா என்ன சார்? அவர் எழுந்திரிச்சாரே, அதுதான் படம்!"

அதற்குள் விளக்கை அணைக்கச் சொல்லி எதிர் பர்த்தில் யாரோ முனகினார்கள். நான் பர்த்தை மாட்டி ஏறிப் படுத்தேன். பையன் எனக்கு மேலே போனான். சண்டை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"எங்க காலத்துல கடைசியில 'சுபம்'னு கார்டு போடுவாங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "நல்லதோ கெட்டதோ, முடிஞ்சுதுன்னு தெரியும்."

"அதான்மா பிரச்சினை. எல்லாத்தையும் ஊட்டி விடணும்." மேலேயிருந்து தலை நீண்டது. "20 வருஷமா மணி அடிச்சா அசையாத மனுஷன். இன்னிக்கு அசையறார். அவர் மாறிட்டார். கதை அவரைப் பத்தினது, கதை முடிஞ்சு போச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் மக நின்னா சினிமாத்தனமாயிடும். வேற யாராவது நின்னா அழுகாச்சியாயிடும். ரெண்டுமே வேண்டாம்னுதான் வெட்டிட்டார் டைரக்டர்."

"முடிவெடுக்கத் தெரியலைன்னு சொல்லு."

"முடிவெடுக்காம இருக்கிறதும் ஒரு முடிவுதாம்மா."

"என் வீட்டுக்காரரும் இப்படித்தான் சொல்லுவார், நிலம் வாங்கறப்போ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பர்த் லேசாக ஆடியதில் இருவருக்கும் நான் தூங்கவில்லை என்று தெரிந்துபோனது. அதிலிருந்து என்னை நடுவர் ஆக்கிவிட்டார்கள். இருப்பதும் நடுவில்தானே.

பையன் விவரம் தெரிந்தவன், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கடைசி ஷாட்டில் நாற்காலி தரையில் உரசும் சத்தத்தை மட்டும் தூக்கி வைத்திருக்கிறார்களாம். படம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த கடிகார டிக் டிக் அந்த இடத்தில் நின்றுவிடுகிறதாம். "நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க" என்றான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

"நான் கவனிச்சதைச் சொல்லட்டுமா? கண்ணுல மாட்டியிருக்கற லென்ஸை அவர் கழட்டவே இல்லை."

மேலே கொஞ்சம் அமைதி.

"அந்த லென்ஸ் எதுக்கு? மூக்குக்குக் கிட்ட வெச்ச ஸ்க்ரூவைப் பார்க்கறதுக்கு. அதை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறவங்களைப் பார்த்தா ஆளு தெரியுமா? மூட்டமாத்தானே தெரியும்?"

"ஒரு கண்ணுலதானேம்மா. இன்னொரு கண்ணு சும்மாதானே இருக்கு."

"20 வருஷம் கழிச்சு வர்ற மகளை ஒரு கண்ணால பார்க்கறதா?"

"அவர் அவசரத்துல எழுந்திரிக்கிறார், லென்ஸ் ஞாபகமே இல்ல, அதான் அர்த்தம்…"

"பழக்கத்துல எழுந்திரிக்கிறார்னும் அர்த்தம். கடைப்பையன் லீவு. வேற யாரு திறப்பா? பால்காரனா இருந்தாலும் எழுந்திரிச்சுத்தான் ஆகணும். மாறிட்டாரு மாறிட்டாருங்கறியே, அதுக்கு என்ன ஆதாரம்?"

இந்தப் பாயிண்ட் எனக்குப் பலமானதாகப் பட்டது. சொன்னேன். பையனுக்கு என் மேல் வருத்தம். வண்டி ஏதோ பாலத்தின் மேல் போனது, தடதடப்பில் அவன் சொன்ன பதில் பாதி கேட்கவில்லை. சந்தேகம் இருப்பதுதான் அழகு என்கிற மாதிரி ஏதோ.

"சரி, உங்க கையில கொடுத்தா எப்படி முடிப்பீங்க?" என்று கேட்டான் கடைசியில். "மக வந்து கால்ல விழணுமா?"

"சீ. அது இன்னும் மோசம்."

"பின்னே?"

"கதவைத் திறக்கணும். மகதான். ரெண்டு பேரும் பார்த்துக்கறாங்க. சரி, அந்த இடத்துல வேணும்னா கட் பண்ணிக்கோ. ஆனா மறுநாள் காலையைக் காட்டணும். அவ எங்க உட்காரணும்னு தெரியாம நிக்கறா. பழைய ரூம்ல இப்போ உடைஞ்ச கடிகாரமெல்லாம் அடுக்கியிருக்கு. அவர் 'தூங்கினியா'ன்னு கேட்கறதா வேண்டாமான்னு யோசிக்கிறார். அங்கதான் தம்பி கதையே இருக்கு. வந்து நிக்கறது என்ன பெரிய விஷயம், ஒரு நிமிஷம். வந்ததுக்கப்புறம் இருக்கறதுதான்…"

"அது வேற படம்மா."

"அப்போ அந்தப் படத்தை எடுத்திருக்கணும்."

எதிர் பர்த்காரர் இப்போது முனகவில்லை. அவரும் கேட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

பையன் விடுவதாக இல்லை. கீழே இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி பேச ஆரம்பித்தான். நீல விளக்கில் அவன் கை மட்டும் மேலும் கீழும் போய்வந்தது. "அம்மா, ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். அந்தப் பொண்ணு வெளிய நிக்கறா. மணி அடிச்சுட்டா. உள்ள அப்பா எழுந்திரிச்சுட்டார். அது அவளுக்குத் தெரியும், நாற்காலி சத்தம் கேட்டிருக்கும். அது போதாதா அவளுக்கு?"

"போதாது."

"ஏன் போதாது?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். தலை என் பர்த்தில் இடிக்காமல் இருக்கக் கொஞ்சம் குனிந்துகொண்டார்.

"எங்கப்பா ஒரு காலை இழுத்து நடப்பார். செருப்புச் சத்தத்துலயே தெரியும், ஒரு தப், ஒரு சரக். நான் வாசல்ல நிக்கறேன். மணி அடிச்சுட்டேன். உள்ள லைட் எரியுது. தப், சரக், தப், சரக்னு கூடத்தைத் தாண்டி வர்றார். கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். மூச்சு விடறது கூடக் கேட்குது. அப்படியே நின்னார். அப்புறம் தப், சரக்னு திரும்பிப் போயிட்டார். லைட் அணைஞ்சுது."

பையன் கையைக் கீழே போட்டான்.

"எழுந்து வர்றதெல்லாம் கணக்குல வராது தம்பி. திறக்கணும்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் என்னைப் பார்த்தான். நடுவரிடமும் ஒன்றும் இல்லை. "நீங்க எதுக்கு வீட்டை விட்டு…" என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாரிம்மா" என்று மேலே ஏறினான்.

"சாரி எதுக்கு? போய்ப் படு. காலையில இறங்கணும்ல."

நான் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. விழித்தபோது விடிந்தும் விடியாமலும் இருந்தது. வண்டி வேகம் குறைந்துகொண்டிருந்தது. பையன் பையை மாட்டிக்கொண்டு லோயர் பர்த்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அந்த அம்மா விழித்துத்தான் இருந்தார்.

"அம்மா, என் ஸ்டேஷன் வருது."

"நல்லது, போயிட்டு வா."

நகரவில்லை. "அந்தக் கதவு… அப்புறம் திறந்தாங்களா இல்லையா?"

"எந்தக் கதவு?"

"ராத்திரி சொன்னீங்களே. உங்க வீட்டுக் கதவு."

அவர் போர்வையை மடிக்க ஆரம்பித்தார். நிதானமாக, நுனியோடு நுனி சேர்த்து. "அதைச் சொன்னா உனக்குப் பிடிக்காதே. சந்தேகமா இருக்கறதுதான் அழகுன்னு சொன்னியே."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பையன் சிரிக்கவில்லை. வண்டி நின்றது. "ரெண்டு நிமிஷம்தாம்மா நிக்கும்" என்றான், கெஞ்சுகிற குரலில்.

"அப்போ ஒத்துக்கோ."

"என்னத்தை?"

"அந்தப் படத்துல கதவைத் திறந்திருக்கணும்."

அவன் வாசலைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒரு குடும்பம் பெட்டிகளோடு அவனை இடித்துக்கொண்டு உள்ளே ஏறியது.

"சரி, திறந்திருக்கணும்."

"அப்படி வா." மடித்த போர்வையைத் தலையணை மேல் வைத்தார். "மறுபடி போனேன், திறக்கலை. அதுக்கடுத்த வருஷமும் போனேன். அன்னிக்கு எங்கம்மா திறந்தாங்க. அழலை, திட்டலை. என் காலைப் பார்த்தாங்க. 'செருப்பை வெளிய விட்டுட்டு வா, இப்போதான் துடைச்சேன்'னாங்க. அவ்வளவுதான்."

"ஐயோ!" என்றான் பையன். அவன் முகமே மாறிவிட்டது. "அம்மா, இதான்! இந்த ஒரு வரி போதும். செருப்பைக் காட்டி அங்கயே கட் பண்ணிடணும்!"

"கட் பண்ணக்கூடாது. உள்ள எங்கப்பா உட்கார்ந்திருக்காரே, அவரை என்ன பண்றது?"

வண்டி குலுங்கி நகர்ந்தது. அவன் வாசலுக்கு ஓடி, பிளாட்பாரத்தில் குதித்து, எங்கள் ஜன்னலோடு சேர்ந்து வேகமாக நடந்துவந்தான். பை ஒரு தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

"அவரைக் காட்டக் கூடாதும்மா! உள்ள இருக்காருன்னு தெரிஞ்சா போதும்! சத்தம் மட்டும் போதும்!"

"காட்டணும்!" என்றார் இவர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

அவன் இன்னும் ஏதோ கத்தினான். பிளாட்பாரம் முடிந்துவிட்டது. அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"பார்த்தீங்களா? திருந்தவே இல்லை. பர்த்தை இறக்குங்க, நிமிர்ந்து உட்காரணும்."