சம்பந்தப் பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்வோம், அண்ணி

அண்ணி, உங்களுக்கும் அண்ணனுக்கும் வணக்கம். போனில் பேசினால் நடுவில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் பேச்சு வேறெங்கேயோ போய்விடும், அதனால்தான் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறேன். அண்ணனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கொழுந்தனார் வந்து சொன்னதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். 30 பவுன், தம்பிக்கு பைக், கட்டில் பீரோ வாஷிங் மெஷின், மண்டபச் செலவு முழுக்க எங்கள் பக்கம். அவர் பாவம், சொல்லிவிட்டுக் காபியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார், அவர்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் எங்களுக்கு இது சரிப்படாது. இந்தச் சம்பந்தம் வேண்டாம் அண்ணி.

20 பவுன் என்றால், பைக் இல்லை என்றால், என்று குறைத்துப் பேச ஆள் அனுப்பிவிடாதீர்கள். கணக்கு இடித்ததால் நாங்கள் பின்வாங்கவில்லை. தண்டையார்பேட்டையில் எங்களுக்கென்று இருக்கும் இந்த ஒண்ணரை போர்ஷனை அடமானம் வைத்தால் 30 பவுனும் போட்டுவிடலாம், இவர் ஒருநாள் ராத்திரி பத்திரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டுகூட இருந்தார். பெண்தான் அதை வாங்கி உள்ளே வைத்தாள். கேட்டு வாங்கிக்கொண்டு என்னை அழைத்துப் போகிற வீட்டில் என்னால் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாதும்மா என்றாள். அதற்கப்புறம் எனக்கு வேறு பேச்சு இல்லை.

அவளுக்கென்று நான் ஒன்றும் சேர்க்காமல் இல்லை. எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கு பிளவுஸ் தைத்த காசில் மாசாமாசம் நகைச் சீட்டு கட்டி 9 பவுன் வைத்திருக்கிறேன். அது அவள் கல்யாணத்தன்று அவள் கழுத்தில் கிடக்கும், நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் அவளே எடுத்துக்கொள்வாள். பெற்றவள் ஆசையாகப் போடுகிற நகை அது. லிஸ்ட் போட்டு வந்துவிட்டால் அது ஆசையில்லை, பாக்கி.

1961லேயே சட்டம் வந்துவிட்டது, வரதட்சணை வாங்குவது மட்டுமில்லை, கொடுப்பதும் குற்றம்தான். இதைச் சொல்லி உங்களை மிரட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள், அண்ணி, அப்படி ஒரு எண்ணம் சத்தியமாக இல்லை. நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது, உங்கள் பெரிய பெண்ணுக்கு நீங்களும் கடன் வாங்கித்தான் செய்தீர்கள் என்று நீங்களே சொன்னீர்கள். அந்த வலி எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தக் கடனை என் பெண் வந்து அடைக்க முடியாது.

தம்பி நல்ல பிள்ளை. ஒருமுறை போனில் பேசியபோது, வீட்டில் என்ன சொல்கிறார்களோ அதுதான் என்றாராம். பெரியவர்கள் பேச்சை மதிக்கிற பிள்ளை, அதில் தப்பு சொல்ல மாட்டேன். இவளுக்குத்தான் தனக்காக ஒரு வார்த்தை பேசுகிறவர் வேண்டும். ரெண்டு பேரும் இனிமேல் போனில் பேசிக்கொள்ள வேண்டாம் என்று இவளிடம் சொல்லிவிட்டேன், நீங்களும் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

பூ வைத்த அன்று நீங்கள் கொடுத்த அரக்குப் பட்டும் வெள்ளிக் குங்குமச்சிமிழும் அப்படியே இருக்கின்றன, புடவையை இன்னும் மடிப்புக்கூடப் பிரிக்கவில்லை. செவ்வாய் வெள்ளி வேண்டாம், வியாழக்கிழமை காலையில் பெரியவன் ராயபுரத்துக்கு எடுத்து வந்து உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவான். அவனிடம் பெண்ணின் ஜாதகத்தைக் கொடுத்தனுப்புங்கள், போனில் இருக்கும் போட்டோக்களையும் அழித்துவிடச் சொல்லுங்கள், தம்பியின் போட்டோக்களை நாங்களும் அழித்துவிட்டோம். நல்லவேளை, திருவொற்றியூர் மண்டபத்துக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை, யாருக்கும் நஷ்டமில்லை.

சொந்தக்காரர்கள் கேட்டால் ‘அமையவில்லை’ என்று மட்டும் சொல்கிறோம், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். பெண்ணுக்கு ஜாதகத்தில் குறை என்றோ பையன் வீட்டில் பேராசை என்றோ ரெண்டு பக்கத்திலிருந்தும் ஒரு பேச்சு கிளம்பக் கூடாது, உங்கள் சின்னவளுக்கும் நாளைக்கு வரன் பார்க்க வேண்டும் இல்லையா.

வடிவுடையம்மன் கோயிலில் பௌர்ணமிக்கு எப்படியும் பார்த்துக்கொள்வோம். அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டாம் அண்ணி, நான் வந்து பேசுவேன். அண்ணனிடம் சுகர் மாத்திரையை வேளைக்குப் போடச் சொல்லுங்கள்.