பொருள்: வாரிசுச் சான்றிதழ் விண்ணப்ப எண் TN-7202502100418, தற்போதைய நிலை தெரிவிக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய வட்டாட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அப்பா கோ. முத்துசாமி 14.11.2024 அன்று காலமானார். அவருடைய வாரிசுச் சான்றிதழுக்காக எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் உள்ள இ-சேவை மையம் வழியாக 10.02.2025 அன்று விண்ணப்பித்தேன். விண்ணப்ப எண் TN-7202502100418. ஒப்புகைச் சீட்டை இந்த மின்னஞ்சலுடன் இணைத்திருக்கிறேன்.

19.02.2025 அன்று கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கே வந்து விசாரித்தார். அம்மாவிடமும் பக்கத்து வீட்டார் இருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு, மூலச் சான்றுகளையும் சரிபார்த்தார். அவர் அன்று பொறுமையாகப் பேசியது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. 03.03.2025 அன்று விண்ணப்பம் வருவாய் ஆய்வாளருக்கு அனுப்பப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அதன் பிறகு எந்தத் தகவலும் இல்லை. இணையத்தில் இன்று பார்த்தபோதும் வருவாய் ஆய்வாளரிடம் நிலுவை என்றே காட்டுகிறது. ஏழு வாரங்கள் ஆகிவிட்டதால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

தாமதத்துக்கு எங்கள் பக்கம் ஏதும் குறை இருக்குமோ என்று யோசித்துப் பார்த்ததில் இரண்டு விஷயங்கள் தோன்றின. இரண்டையும் இங்கேயே விளக்கிவிடுகிறேன்.

ஒன்று, அப்பாவின் பெயர். இறப்புச் சான்றிதழிலும் குடும்ப அட்டையிலும் 'முத்துச்சாமி' என்று இருக்கிறது. ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் 'முத்துசாமி'. ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆள் ஒருவர்தான். இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, விண்ணப்பத்தோடு பதிவேற்றியிருக்கிறோம். அது திறக்கவில்லை என்றாலோ தெளிவாக இல்லை என்றாலோ அசலைக் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இன்னொன்று, என் அப்பத்தா கருப்பாயி. வயது 81. மகன் இறந்தால் உயிரோடிருக்கும் தாயும் முதல் நிலை வாரிசு என்பதால், அம்மா பாக்கியம், நான், தம்பி சரவணன் ஆகியோருடன் அவர் பெயரையும் சேர்த்து நான்கு பேரைக் குறிப்பிட்டிருக்கிறோம். ஆனால் அவர் பெயர் எங்கள் குடும்ப அட்டையில் இல்லை. சித்தப்பா வீட்டில் இருப்பதால் அந்த அட்டையில்தான் இருக்கிறது. அதன் நகலையும் ஆதார் நகலையும் கொடுத்திருக்கிறோம். அவரை நேரில் விசாரிக்க வேண்டும் என்றால், தயவுசெய்து வீட்டில் வைத்து விசாரிக்க ஏற்பாடு செய்யுங்கள். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனவர், பஸ் ஏறி வந்து அலுவலகத்தில் காத்திருக்க அவரால் முடியாது. மகனைப் பறிகொடுத்த துக்கத்திலிருந்தும் இன்னும் அவர் மீளவில்லை.

அவசரத்துக்குக் காரணம் தம்பியின் படிப்பு. அவன் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறான். அவன் கல்லூரிக்கென்றே அப்பா நெல் விற்ற பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டிருந்தார். நியமனதாரர் பெயர் மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார். வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் அந்தத் தொகையைத் தர முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். ஜூன் மாதத்தில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். கடன் வாங்கலாம்தான். ஆனால் அப்பா அவனுக்காகச் சேர்த்த பணம் வங்கியில் இருக்க, அம்மா வட்டிக்கு வாங்கி நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

ஆகவே, விண்ணப்பம் இப்போது யாரிடம் இருக்கிறது, கூடுதல் ஆவணமோ விசாரணையோ தேவைப்படுகிறதா, சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று மட்டும் தெரிவித்தால் பெரும் உதவியாக இருக்கும். ஏதாவது ஆவணம் குறைந்தால் விண்ணப்பத்தை நிராகரித்துவிடாமல் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மறுநாளே கொண்டுவருகிறேன். நிராகரிக்கப்பட்டால் மறுபடியும் முதலிலிருந்து கிராம விசாரணை தொடங்க வேண்டியிருக்கும்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். முன்பே நாள் சொன்னால் விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிடுவேன். இந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்பினாலும் சரி, விண்ணப்பத்தில் உள்ள கைபேசி எண்ணில் அழைத்தாலும் சரி. அம்மாவிடம் கைபேசி இல்லாததால் என் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறேன்.

இணைப்பு: ஒப்புகைச் சீட்டு, இறப்புச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம், அப்பத்தாவின் ஆதார் மற்றும் குடும்ப அட்டை நகல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. கவிதா
(காலஞ்சென்ற கோ. முத்துசாமியின் மகள்)
21.04.2025