தொற்றுக் கட்டுப்பாடு: ஸ்டாஃப் நர்ஸ் பணியிடைத் தேர்வு, விடை விளக்கத்துடன்

120 படுக்கை, இரண்டு ஓ.டி., ஓர் எண்டோஸ்கோப்பி அறை, ஒரு சி.எஸ்.எஸ்.டி. உள்ள மருத்துவமனையின் செவிலியர்களுக்கானது. 9 வினாக்கள், 45 நிமிடம். விடையை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண். காரணத்துக்கு மீதிப் பாதி.

1. கீழ்க்கண்டவற்றுக்கு எந்த நிலை கிருமிநீக்கம் தேவை? அறுவைக் கத்தரி, பயாப்சி ஃபோர்செப்ஸ், கேஸ்ட்ரோஸ்கோப், லாரிங்கோஸ்கோப் பிளேடு, பி.பி. கஃப், கட்டில் கம்பி.

விடை: கருவி உடலில் எதைத் தொடுகிறது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். இது ஸ்பால்டிங் வகைப்பாடு. கத்தரியும் பயாப்சி ஃபோர்செப்ஸும் திசுவுக்குள் போகின்றன, ஸ்டெரிலைசேஷன் கட்டாயம். கேஸ்ட்ரோஸ்கோப்பும் லாரிங்கோஸ்கோப் பிளேடும் சளிச்சவ்வைத் தொடுகின்றன. குறைந்தபட்சம் உயர்நிலை கிருமிநீக்கம். கஃப்பும் கம்பியும் காயமில்லாத தோலை மட்டுமே தொடுவதால் தாழ்நிலை போதும். ரத்தம் பட்டுவிட்டால் ஒரு படி மேலே போக வேண்டும். பலரும் தவறுவது ஃபோர்செப்ஸில்தான். கேஸ்ட்ரோஸ்கோப்பின் சேனல் வழியாகப் போவதால் அதையும் ஸ்கோப்போடு சேர்த்துக் கரைசலில் போட்டுவிடுகிறார்கள். அது சளிச்சவ்வைக் கிழித்துத் திசுவை எடுக்கும் கருவி.

2. கேஸ்ட்ரோஸ்கோப்பை 2% குளூட்டரால்டிஹைடில் 20 நிமிடம் முழுக வைத்தாயிற்று. ஆனாலும் உயர்நிலை கிருமிநீக்கம் நடக்கவில்லை. என்னென்ன காரணங்கள் இருக்கலாம்?

விடை: ஐந்தில் எவையேனும் மூன்று எழுதினால் முழு மதிப்பெண். முதலாவது, என்சைம் சோப்புக் கரைசலில் பிரஷ் போட்டுச் சேனலைத் தேய்க்காதது. ரத்தமும் சளியும் காய்ந்து ஒட்டியிருந்தால் கரைசல் அதற்கு அடியில் போகாது. இரண்டாவது, கழுவிய தண்ணீரை வடியவிடாமல் ஈரமாகவே முக்கியது; ஒவ்வொரு முறையும் கரைசல் நீர்த்துப் போகிறது. மூன்றாவது, சேனலுக்குள் சிரிஞ்சால் கரைசலைச் செலுத்தாததால் உள்ளே காற்றுக்குமிழி நின்றது. நான்காவது, ஆக்டிவேட்டர் கலந்த தேதியை டப்பாவில் எழுதாததால் 14 நாள் கரைசல் மூன்றாவது வாரமும் ஓடியது. தேதிக்குள் இருந்தாலும் தினமும் டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டுப் பார்க்க வேண்டும், செறிவு 1.5 சதவீதத்துக்குக் கீழே போனால் கொட்டிவிட வேண்டும். ஐந்தாவது, ஏ.சி. அறையில் கரைசல் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தது.

எடுத்த பிறகு நன்றாக அலசாவிட்டால் வேறொரு பிரச்சினை: எஞ்சிய ரசாயனம் நோயாளியின் சளிச்சவ்வைப் புண்ணாக்கும். இதே கரைசலில் ஸ்போர்களும் சாக வேண்டுமென்றால் 20 நிமிடம் போதாது, 10 மணி நேரம் ஆகும்.

3. வார்டு தரையில் ரத்தம் சிந்தியிருக்கிறது. கையில் 5% சோடியம் ஹைப்போகுளோரைட் இருக்கிறது. 1% கரைசல் ஒரு லிட்டர் எப்படித் தயாரிப்பீர்கள்? எந்த வரிசையில் சுத்தம் செய்வீர்கள்?

விடை: 200 மி.லி. ஹைப்போ, 800 மி.லி. தண்ணீர். கையுறை அணிந்து, ரத்தத்தின் மேல் உறிஞ்சும் துணியோ பஞ்சோ போட்டு மூடி, அதன் மேல் கரைசலை ஊற்றி 10 நிமிடம் விட வேண்டும். பிறகு துணியை எடுத்து மஞ்சள் பையில் போட்டு, தரையை மறுபடி துடைக்க வேண்டும். ஊற்றிய உடனே துடைத்தால் ரத்தம் பரவுமே தவிரக் கிருமி சாகாது. காலையில் கலந்த கரைசலை மறுநாள் பயன்படுத்தக் கூடாது, குளோரின் குறைந்துபோயிருக்கும். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு ஹைப்போவைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

4. ஆட்டோகிளேவின் அழுத்தமானி 15 பிஎஸ்ஐ காட்டுகிறது. வெப்பமானி 112 டிகிரியில் நிற்கிறது. என்ன ஆயிற்று?

விடை: உள்ளே காற்று மிச்சமிருக்கிறது. 15 பிஎஸ்ஐ என்றால் 121 டிகிரி என்பது காற்று முழுவதும் வெளியேறி, நீராவி மட்டும் இருந்தால்தான். பாதிக் காற்று தங்கினால் அதே அழுத்தத்தில் 112 டிகிரிதான் கிடைக்கும். காற்றே போகவில்லை என்றால் 100. ஆகவே அழுத்தத்தை மட்டும் பார்த்து “ஆயிற்று” என்று பதிவேட்டில் எழுதக் கூடாது. வெளியேற்றும் வால்வை மூட அவசரப்பட்டிருக்கலாம். வடிகால் வலை அடைத்திருக்கலாம். டிரம்களை நெருக்கி அடுக்கியிருக்கலாம். டிரம்மின் பக்கத் துளைகளைத் திறக்க மறந்திருந்தால் அழுத்தமும் வெப்பமும் சரியாகக் காட்டும், டிரம்முக்குள் மட்டும் நீராவி போயிருக்காது.

5. நேரத்தை எப்போதிலிருந்து எண்ண வேண்டும்? அ. சுவிட்ச் போட்டதிலிருந்து. ஆ. நீராவி வரத் தொடங்கியதிலிருந்து. இ. 121 டிகிரி தொட்டதிலிருந்து.

விடை: இ. காற்றைத் தானாக வெளியேற்றும் சாதாரண ஆட்டோகிளேவில், துணியில் சுற்றிய பேக்குக்கு 121 டிகிரியில் 30 நிமிடம். வெற்றிட வகையில் 132 டிகிரியில் 4 நிமிடம்.

6. பேக்கை எடுத்தபோது டேப்பில் கறுப்புக் கோடு வந்திருக்கிறது, ஆனால் துணி ஈரமாக இருக்கிறது. ஓ.டி.க்கு அனுப்பலாமா?

விடை: கூடாது. அந்தக் கோடு பேக் ஆட்டோகிளேவுக்குள் போய் வந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி; உள்ளே கிருமி செத்ததா என்பதற்கு அல்ல. ஈரத்துணி வழியாக வெளிக் கிருமி உள்ளே போகும். மறுபடி உலர்ந்த துணியில் சுற்றி, முதலிலிருந்து போட வேண்டும். பேசின்களைச் சாய்க்காமல் வைத்து நீர் தேங்குவதும், உலரும் நேரம் முடியுமுன் கதவைத் திறப்பதும், சூடான பேக்கைக் குளிர்ந்த மேசையில் வைப்பதும்தான் பெரும்பாலும் காரணம்.

7. பவுவி-டிக் சோதனைக்கும் ஸ்போர் சோதனைக்கும் என்ன வேறுபாடு?

விடை: பவுவி-டிக், வெற்றிட வகை ஆட்டோகிளேவில் காற்று சரியாக வெளியேறுகிறதா என்று பார்ப்பது. தினமும் முதல் லோடுக்கு முன், வேறெதுவும் வைக்காமல், 134 டிகிரியில் 3.5 நிமிடம். தாளின் நிறம் எங்கும் ஒரே மாதிரி மாற வேண்டும். நடுவில் வெளிர்ந்திருந்தால் அங்கே காற்று நின்றிருக்கிறது, இயந்திரத்தை நிறுத்துங்கள். ஸ்போர் சோதனையில் ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் உண்மையில் செத்ததா என்று பார்க்கிறோம். குறைந்தது வாரம் ஒருமுறை. இம்பிளான்ட் உள்ள ஒவ்வொரு லோடுக்கும். சுழற்சிக்குள் வைக்காத ஒரு குப்பியையும் கூடவே இன்குபேட் செய்யாவிட்டால் முடிவுக்கு அர்த்தமில்லை.

8. செவிலியர் வார்டு வாசலில் ஹேண்ட் ரப் போடுகிறார். 6-ஆம் கட்டிலின் திரையை இழுத்து மூடுகிறார், நாடி பார்க்கிறார், கையுறை அணிந்து அறுவைப் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்கிறார், கையுறையைக் கழற்றுகிறார், தலையணையைச் சரிசெய்து நோயாளியைச் சாய்த்துப் படுக்க வைக்கிறார். 7-ஆம் கட்டிலுக்குப் போய் நோயாளியைத் தொடாமல் இன்ஃப்யூஷன் பம்ப்பை மட்டும் சரிசெய்துவிட்டு வெளியேறுகிறார். எங்கெங்கே கை சுத்தம் தேவை?

விடை: உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து தருணங்களும் இதில் இருக்கின்றன. நாடி தொடும் முன் (1), டிரெஸ்ஸிங்குக்குக் கையுறை போடும் முன் (2), கையுறை கழற்றியதும் (3), 6-ஆம் நோயாளியை விட்டு நகரும்போது (4), பம்ப்பைத் தொட்ட பின் (5). வாசலில் போட்டது முதல் தருணத்துக்குக் கணக்கில் வராது. இடையில் திரையைத் தொட்டாயிற்று. “கையுறை போட்டிருந்தேனே” என்பது 2, 3 இரண்டுக்கும் பதிலாகாது. கையுறையில் கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கலாம். கழற்றும்போதும் கையில் படும்.

9. எப்போது ஹேண்ட் ரப் போதாது?

விடை: கையில் அழுக்கோ ரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தால், கழிவறை போய் வந்தால், குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் வயிற்றுப்போக்கு உள்ள நோயாளியைப் பார்த்தால் சோப்பும் தண்ணீரும்தான், ஆல்கஹால் ஸ்போர்களைக் கொல்லாது. ரப் 20 முதல் 30 விநாடி, சோப்புடன் கழுவுவது 40 முதல் 60 விநாடி. ரப்பை உள்ளங்கை நிறைய எடுத்து, காயும்வரை தேய்க்க வேண்டும். இரண்டு துளி எடுத்து உள்ளங்கையை மட்டும் தேய்ப்பவர்களின் கட்டைவிரலும் விரல்நுனியும் சுத்தமாவதில்லை. நோயாளியை முதலில் தொடுவது அவைதான்.