மீனாவுக்கு, அப்போஸ்டில் பத்தி

மீனா, ஸ்பெயின் யூனிவர்சிட்டி உன் சிங்கப்பூர் டிகிரிக்கும் இந்தியப் பிறப்புச் சான்றிதழுக்கும் அப்போஸ்டில் கேட்டதா சொன்னியே, பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடு.

அப்போஸ்டில்ங்கறது ஒரு நாட்டுச் சான்றிதழை இன்னொரு நாட்டுல ஏத்துக்கறதுக்காக அதோட சேர்த்துக் கொடுக்கற அரசுச் சான்று. அது சொல்றது மூணே விஷயம்: சான்றிதழ்ல இருக்கற கையெழுத்து அந்த அதிகாரியோடதுதான், அவர் அந்தப் பதவியிலதான் கையெழுத்துப் போட்டிருக்கார், முத்திரை நிஜம். உள்ளே எழுதியிருக்கறது சரியா, உன் டிகிரி அங்கே செல்லுமான்னு அது பேசவே பேசாது. டிகிரிக்கு அங்கீகாரம் வேணும்னா அது தனி விண்ணப்பம்.

1961 ஹேக் ஒப்பந்தத்துல இருக்கற நாடுகளுக்கு நடுவுலதான் இது செல்லும். ஸ்பெயினும் இந்தியாவும் சிங்கப்பூரும் அதுல இருக்கு. அதனால அதுக்கு மேல ஸ்பெயின் தூதரகத்துல முத்திரை வாங்க வேண்டியதில்ல. யாராவது அதுக்கும் பணம் கேட்டா கொடுக்காதே.

ஒவ்வொரு சான்றிதழுக்கும் அதைக் கொடுத்த நாடுதான் அப்போஸ்டில் போடணும். உன் பிறப்புச் சான்றிதழ் இந்தியாவுது: முதல்ல மாநில அரசோட சான்றொப்பம், அப்புறம் வெளியுறவு அமைச்சகம். சிங்கப்பூர் டிகிரிக்கு சிங்கப்பூர் சட்ட அகாடமி. ஒரே இடத்துல ரெண்டையும் முடிக்க முடியாது, ரெண்டையும் இப்பவே தனித்தனியா ஆரம்பி.

பலர் மாட்டிக்கறது ஜெராக்ஸ்ல. நோட்டரி சான்றளிச்ச நகல்ல போட்ட அப்போஸ்டில் நோட்டரி கையெழுத்தைத்தான் உறுதி செய்யும், யூனிவர்சிட்டி கையெழுத்தை இல்ல. சில இடங்கள்ல அதுவே போதும், சில இடங்கள்ல திருப்பி அனுப்பிடுவாங்க. அசலா நகலான்னு அட்மிஷன் ஆபீஸ்ல மெயில்ல கேட்டு, பதிலை வெச்சுக்கோ. இன்னொண்ணு, தூதரகமோ கான்சுலேட்டோ கொடுத்த சான்றிதழை இந்த ஒப்பந்தமே விலக்கி வெச்சிருக்கு, அதுக்கு அப்போஸ்டில் கிடைக்காது. பிறந்த ஊர்ப் பதிவாளர் கொடுத்ததையே எடு.

பேரையும் இப்பவே பாரு. ஒரு சான்றிதழ்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா இருந்தா அப்போஸ்டில் அதைச் சரிபண்ணாது. திருத்தத்தை முதல்ல முடி. பின்னாடி திருத்தினா புதுச் சான்றிதழ், புது அப்போஸ்டில்னு எல்லாம் மறுபடியும்.

கைக்கு வந்ததும் 1லேர்ந்து 10 வரைக்கும் எண் போட்ட கட்டங்களைப் படி: நாடு, சான்றிதழ்ல கையெழுத்திட்டவர், அவர் பதவி, சான்றிதழ்ல இருக்கற முத்திரை, இடம், தேதி, அப்போஸ்டில் கொடுத்த அதிகாரி, அப்போஸ்டில் எண், அதோட முத்திரை, கையெழுத்து. 2ல உன் பேர் இருக்காது, சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டவர் பேர்தான் இருக்கணும். எட்டாவது கட்டத்து எண்ணை வெச்சுத்தான் அங்கே சரிபார்ப்பாங்க, அதனால அது மங்கலா இருந்தா வாங்கற இடத்துலயே மாத்திக்கோ.

லேமினேஷன் பண்ணாதே, பின் பண்ணிக் கொடுத்த தாளைக் கழட்டாதே. ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு அப்போஸ்டில் வந்த அப்புறம்தான், அப்பதான் அந்தத் தாளும் சேர்ந்து மொழிபெயர்ப்பாகும். ஸ்பெயின் அரசு அங்கீகரிச்ச மொழிபெயர்ப்பாளர்கிட்டயே கொடு.

அப்போஸ்டிலுக்கு ஒப்பந்தத்துல காலாவதி கிடையாது. ஆனா பிறப்புச் சான்றிதழ் சமீபத்துல எடுத்ததா இருக்கணும்னு சில ஆபீஸ்ல கேப்பாங்க, அதையும் அதே மெயில்ல கேட்டுடு. ரெண்டு சான்றிதழையும் பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் இன்னிக்கே ஸ்கேன் பண்ணி அனுப்பு, பேரை நானும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாக்கறேன்.