விலங்குப் பண்ணை: கடைசி நேரக் குறிப்புகள்

தம்பி, நாளைக்குப் பரீட்சை. நாவலை முதலிலிருந்து புரட்டாதே, இது போதும். ஜார்ஜ் ஆர்வெல், 1945. களஞ்சியச் சுவரில் எழுதியிருக்கும் ஏழு கட்டளைகள் மேல் கண் இருக்கட்டும். எந்தக் கேள்வி வந்தாலும் அங்கிருந்தே தொடங்கலாம்.

அத்தியாயம் 1: கிழட்டுப் பன்றி மேஜர் தன் கனவைச் சொல்கிறது. எலிகள் நம் தோழர்களா என்று ஓட்டெடுப்பு நடக்கும்போது பூனை இரண்டு பக்கமும் ஓட்டுப் போடும். சின்ன விஷயம்தான், மேற்கோளுக்கு அருமை.

2: பண்ணைக்காரன் ஜோன்ஸ் குடித்துவிட்டுத் தீனி போட மறக்கிறான். பசியில் வெடிக்கிறது புரட்சி. யாரும் திட்டம் போட்டு நடத்தியதில்லை. கட்டளைகள் சுவரில் ஏறுகின்றன. அன்று கறந்த பால் மாலைக்குள் காணாமல் போகிறது. முதல் திருட்டு இதுதான், அடிக்கோடிடு.

3, 4: பாலும் ஆப்பிளும் பன்றிகளுக்கே என்று ஸ்குவீலர் என்ற பன்றி நியாயம் பேசுகிறான். தலைமைப் பன்றி நெப்போலியன் ஒன்பது நாய்க்குட்டிகளைத் தனியாகக் கொண்டுபோய் வளர்க்கிறான். மாட்டுக்கொட்டகைப் போரில் விலங்குகளுக்கு வெற்றி, தலைமை இன்னொரு பன்றியான ஸ்நோபால்.

5: திருப்புமுனை. காற்றாலை வேண்டுமா என்று விவாதம். ஸ்நோபால் ஜெயிக்கப்போகிற நேரத்தில் அந்தக் குட்டிகள் பெரிய நாய்களாகப் பாய்ந்து அவனைத் துரத்துகின்றன. நெப்போலியன்-ஸ்டாலின், ஸ்நோபால்-டிராட்ஸ்கி ஒப்பீட்டை இங்கே எழுது. ஞாயிற்றுக்கிழமை விவாதங்களும் இத்தோடு சரி.

6: பன்றிகள் கட்டிலில் தூங்குகின்றன. கட்டளையில் 'விரிப்போடு' என்ற சொல் முளைத்திருக்கிறது! புயலில் காற்றாலை விழுகிறது, பழி ஸ்நோபால் மேல்.

7: முட்டைகளைத் தர மறுத்த கோழிகளுக்குத் தீனி நிறுத்தம். அப்புறம் வாக்குமூலங்கள், கொலைகள். குன்றின் மேல் நின்று கிளோவர் என்ற பெண்குதிரை கண்ணீர் விடும் பத்தியை மட்டும் நாவலிலேயே ஒருமுறை படித்துவிடு. அவளுக்கு மனத்தில் இருப்பதைச் சொல்ல வார்த்தை இல்லை, அதனால் மேஜர் கற்றுத்தந்த பழைய பாட்டைப் பாடுகிறாள். அந்தப் பாட்டுக்கும் உடனே தடை.

8: கொல்லக்கூடாது என்பதில் 'காரணமின்றி' சேர்கிறது, குடிக்கக்கூடாது என்பதில் 'அளவுக்கு மீறி'. நள்ளிரவில் ஏணி உடைந்து ஸ்குவீலர் கீழே கிடக்கிறான், பக்கத்தில் கவிழ்ந்த பெயிண்ட் டப்பா. பார்த்தும் எந்த விலங்குக்கும் புரியவில்லை, கழுதை பெஞ்சமினைத் தவிர. பக்கத்துப் பண்ணைக்காரன் ஃபிரெடெரிக் கள்ள நோட்டு கொடுத்து ஏமாற்றுவதும் காற்றாலையைத் தகர்ப்பதும் இதில்தான்.

9: உழைத்து உழைத்து விழுந்த குதிரை பாக்ஸரை ஏற்றிப் போகும் வண்டியில் குதிரை அறுப்பவன் பெயர். அதை உரக்கப் படித்துக் காட்டுவது, அதுவரை வாய் திறக்காத பெஞ்சமின். எனக்கு இன்னும் அவன் மேல் கோபம்தான். "பெஞ்சமினும் குற்றவாளியா?" என்று கேள்வி வந்தால் தைரியமாக 'ஆம்' என்று எழுது, 8-ஆம் அத்தியாய ஏணிதான் ஆதாரம்.

10: பன்றிகள் இரண்டு காலில் நடக்கின்றன. சுவரில் ஒரே கட்டளை மிச்சம்: எல்லோரும் சமம், சிலர் கூடுதல் சமம். ஜன்னல் வழியே பார்த்தால் பன்றி எது, மனிதன் எது என்று தெரியவில்லை. இதை எல்லோரும் எழுதுவார்கள். நீ சண்டைக்கான காரணத்தையும் சேர்: சீட்டாட்டத்தில் நெப்போலியனும் பக்கத்துப் பண்ணைக்காரன் பில்கிங்டனும் ஒரே நேரத்தில் ஸ்பேட் ஏஸ் இறக்கினார்கள்.