விடிய விடிய தெருக்கூத்து: நுழைவுச் சீட்டு

உங்கள் கையில் இருக்க வேண்டிய பகுதி

பாரதத்தில் கர்ணன் கதை
2026 மே 9, சனிக்கிழமை இரவு
காப்பிக் களம், நாகலூர் சாலை, ஏற்காடு

வாசல் திறப்பு மாலை 6.30, சாப்பாடு 7.30. கூத்து 9 மணிக்குத் தொடங்கி ஞாயிறு விடியற்காலை 5 மணி வரை.

ஒருவருக்கு ₹250 (இரவுச் சாப்பாடும் நடுச்சாமக் காப்பியும் சேர்த்து). 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குச் சீட்டு வேண்டாம்.

எண் 0417
கியூஆர் சதுரத்துக்குக் கீழே: `YKD-0509-0417`

பின்பக்கம்

கியூஆர் சதுரம் இடது ஓரத்தில் இருக்கிறது, கிழிக்கும் கோடு வலது பக்கம். போன வருடம் இரண்டும் ஒட்டி அச்சாகிவிட்டது. வாசலில் கிழிக்கும்போது சதுரத்தின் ஓரமும் சேர்ந்து போய், டீ குடிக்க வெளியே போனவர்கள் திரும்பி வரும்போது ஸ்கேன் ஆகாமல் பனியில் நின்றார்கள். இந்த முறை அப்படி ஆகாது. சதுரத்தைச் சுற்றி விட்டிருக்கும் வெள்ளை ஓரத்தில் எதுவும் எழுதாதீர்கள், அதன்மேல் மடிக்காதீர்கள், அது போதும்.

நீங்களே கிழித்துக்கொண்டு வராதீர்கள். முதலில் ஸ்கேன், பிறகு இரண்டு பக்கமும் ஒரே எண்தானா என்று பார்த்து நாங்கள் கிழித்துக்கொள்வோம். மலைமேல் சிக்னல் போய்விட்டால் எண்ணைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டு உள்ளே விடுவோம். மொத்தம் 600 சீட்டுதான், 0001 முதல் 0600 வரை. ஒரே எண்ணில் இரண்டு பேர் வந்தால் முதலில் வந்தவருக்குத்தான் இடம். அதனால் சீட்டைப் படமெடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கோடை சீசன், அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. 4 மணிக்கே ஏறத் தொடங்கினால் நிதானமாக வந்து சேரலாம். ராத்திரி குளிரும், கம்பளியோ சால்வையோ கட்டாயம். பறிப்பெல்லாம் முடிந்து களம் காலியாக இருக்கிறது, பாய் விரித்திருப்போம். முன்னால் பிள்ளைகள், முதுகுவலிக்காரர்களுக்குப் பின்னால் நாற்காலி.

கூத்துக்காரர்கள் மதியமே உட்கார்ந்து அரிதாரம் பூசி, தோளில் கட்டை கட்டி, விடியும்வரை பாடி ஆடப்போகிறார்கள். முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடிக்காதீர்கள், ஒரு அடி தவறினால் சலங்கைக் காலோடு விழுவார்கள். முகவீணைச் சத்தம் கேட்கும்போது பக்கத்தில் போன் பேசாமல் இருந்தால் ரொம்ப நல்லது.

பிளாஸ்டிக் பை, கப் வேண்டாம். மது அருந்தியவர்களை உள்ளே விடமாட்டோம், பணமும் திரும்பாது. மழை பிடித்துக்கொண்டால் மறுநாள் இரவு இதே நேரம், இதே சீட்டு. அன்றைக்கும் முடியாவிட்டால் வாங்கிய இடத்திலேயே முழுப் பணமும் தருவோம். சாப்பாட்டுக்கும், வெளியே போய்த் திரும்பவும் இந்தப் பகுதிதான் வேண்டும். சட்டைப் பையில் வையுங்கள், பனி ஈரத்தில் மை கலையும்.

\- - - - - - - - கிழிக்கும் கோடு - - - - - - - -

வாசலில் கொடுக்கும் பகுதி

தெருக்கூத்து, ஏற்காடு, 2026 மே 9
எண் 0417
ஒருவர், ₹250
இது பெட்டியில் விழும். விடிந்ததும் இதை எண்ணித்தான் கணக்கு முடிப்போம்.